இடி, வேட்டு, திமிரி: பெரும் சத்தத்தை எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை எழுதிப் பழகுகிறவர்களோடு உட்காருகிறேன். முகத்தை எழுதுவார்கள், வீட்டை எழுதுவார்கள், வயலைக்கூட நன்றாக எழுதிவிடுவார்கள். சத்தம் வந்ததும் கை தடுமாறுகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் நம் ஆற்றோரத்து ஊர்களிலிருந்துதான்.

தண்டரஸ், டெஃபனிங், பியர்சிங் என்று ஆங்கிலப் பாடத்தில் மூன்று சொல் வருகிறது. மூன்றுக்கும் ‘பலத்த சத்தம்’ என்று எழுதினால் போதாதா?

போதாது. அவை ஒரே சத்தத்தின் மூன்று அளவுகள் அல்ல, மூன்று வகைகள். முதலாவது கனத்த, தாழ்ந்த ஒலி. அது காதுக்கு வருவதற்குள் நெஞ்சுக்கு வந்துவிடும், திண்ணையில் உட்கார்ந்திருந்தால் திண்ணை சொல்லும். இரண்டாவது, மற்ற எல்லா ஒலிகளையும் மூடிவிடுவது. பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பது தெரியும், பேச்சு வராது. மூன்றாவது மெல்லிய, உயர்ந்த ஒலி. கனமே இருக்காது, ஆனால் ஊசி மாதிரி உள்ளே போகும்.

சுவாமி புறப்பாட்டில் இந்த மூன்றையும் ஒரே தெருவில் கேட்கலாம். தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி விழும்போது முதல் வகை. அதிர்வேட்டு போட்டால் இரண்டாவது. திமிரி நாயனம் மேல் ஸ்தாயியில் நின்றால் மூன்றாவது.

ஆங்கிலத்தில் இம்மூன்றும் பெயருக்கு முன்னால் ஒட்டும் அடைமொழிகள். இடி, செவிடு, துளை என்ற பழைய உவமைகள் இறுகி அடைமொழி ஆனவை. தமிழில் சத்தத்தின் பலம் பெரும்பாலும் வினையில்தான் இருக்கிறது: அதிர்ந்தது, முழங்கியது, காது அடைத்துக்கொண்டது, துளைத்தது, வீறிட்டது. ‘இடி போன்ற சத்தம் கேட்டது’ என்ற வாக்கியத்தில் ‘கேட்டது’ ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. ‘வேட்டு விழுந்ததும் ஓட்டுச்சரிவு அதிர்ந்து இரண்டு ஓடு நழுவியது’ என்றால் உவமையே தேவையில்லை.

இடி இடிப்பதற்கு ‘டமார்’ என்று போடுவதா, ‘குமுறியது’ என்று போடுவதா?

இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சொல் தானாக வரும்.

மின்னலின் பாதை ஒரு புள்ளி அல்ல. மேகத்திலிருந்து தரை வரை, சில சமயம் மேகத்துக்குள்ளேயே, பல கிலோமீட்டர் நீளும். அந்தப் பாதை முழுவதும் ஒரே கணத்தில் வெடிக்கிறது. நீங்கள் அதன் அடியிலேயே நின்றால் அருகிலுள்ள பகுதியின் ஒலி ஒரே அறையாக வந்து விழுகிறது. அதுதான் ‘படார்’, ‘டமார்’. தள்ளி நின்றால் பாதையின் ஒவ்வொரு துண்டின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால் இழுபடுகிறது. அது ‘கடகட’வென்று உருளும். இன்னும் தள்ளிப் போனால் உயர்ந்த சுரங்களைக் காற்று தின்றுவிடும், தாழ்ந்தவை மட்டும் மிஞ்சும். அப்போதுதான் உறுமல், குமுறல். ஆகவே தலைக்கு மேல் விழும் இடியைக் ‘குமுறியது’ என்று எழுதுவது தவறு. தொலைவில் இருப்பதை ‘டமார்’ என்று எழுதுவதும் தவறுதான்.

கணக்கு எளிது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடி எடுத்துக்கொள்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உங்கள் பாத்திரம் ஆறு வரை எண்ணினால் இடி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது பக்கத்து ஊர்ப் பனந்தோப்பில். இந்த எண்ணிக்கையைக் காட்சிக்குள்ளேயே வைக்கலாம். மாட்டை அவிழ்க்க ஓடுகிறவள் ஒவ்வொரு மின்னலுக்கும் எண்ணுகிறாள்: ஒன்பது, ஆறு, மூன்று. அடுத்ததற்கு எண்ணத் தொடங்குவதற்குள் விழுந்துவிட்டது. ‘இடி நெருங்கியது’ என்று தனியாகச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.

ஒரு பெண் எழுதிய கதையில், தஞ்சாவூர் மொட்டை மாடியில் நிற்பவன் கும்பகோணத்துப் பக்கம் மின்னுவதைப் பார்க்கிறான், உடனே ‘செவிப்பறை கிழியும்’ இடியைக் கேட்கிறான். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இடி சாதாரணமாக 15, 20 கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது சத்தமில்லாத வெளிச்சம் மட்டும். அப்படி மாற்றியதும் அந்தக் காட்சியில் அதுவரை இல்லாத ஒரு பயம் வந்தது. அதை அவரே சொன்னார்.

‘காதைச் செவிடாக்கும்’ என்பது தேய்ந்துபோன தொடர் என்கிறீர்கள். அந்த உணர்வை வேறு எப்படிக் கொண்டுவருவது?

சத்தத்தை விட்டுவிட்டு, அது எதை மூடியது என்று எழுதுங்கள். பிறகு அது போனபின் காதில் என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள்.

எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயதிருக்கும். எங்கள் ஊர்த் திருவிழாவில், மருந்தைக் கெட்டித்து வைத்த வேட்டுக்குழாய்களுக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டேன். வெடித்த சத்தம் எனக்கு நினைவில் இல்லை. வயிற்றில் யாரோ கையால் தள்ளியது போன்ற ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அதன் பிறகு காது அடைத்துக்கொண்டது. அப்பா குனிந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, திட்டு மட்டும் வரவில்லை. தவில்காரரின் கை ஏறி இறங்கியது, அதுவும் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. ஜால்ராவைச் சுத்தமாகக் காணவில்லை. தலைக்குள் ஒரு வண்டு மெல்லிய குரலில் விடாமல் ரீங்கரித்தது. மறுநாள் காலையில் அம்மா பாத்திரம் தேய்க்கும் ஒலி கேட்டபோதுதான் காது திரும்பியது தெரிந்தது.

இந்த வரிசை தற்செயலானது அல்ல. பெரும் சத்தம் உள்காதின் நுண்மயிர்ச் செல்களைக் களைத்துப்போகச் செய்கிறது. அதிகம் அடிவாங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் பகுதி. அதனால்தான் ஜால்ரா போய்விடுகிறது, தவில் மங்கலாக மிஞ்சுகிறது. மனிதக் குரலில் உயிரெழுத்துகளின் இழுப்பு கேட்கும், ‘ச’, ‘த’, ‘க’ போன்றவற்றின் கூர்மை கேட்காது. ஆள் பேசுவது தெரியும், சொல் புரியாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப அடி விழுந்தால் சரியாகாது. உங்கள் கதையில் வருபவர் முப்பது வருடமாக வேட்டுப் போடுகிறவர் என்றால் அவர் காதும் அப்படித்தான் இருக்கும். வீட்டில் பெண்களும் குழந்தைகளும் பேசும் மெல்லிய குரல்தான் அவருக்கு முதலில் எட்டாமல் போயிருக்கும்.

ஆகவே காட்சியின் வரிசை இது: அடி உடம்பில் விழுகிறது, பிறகு அடைப்பு, ரீங்காரம், வாயசைவு, கடைசியாக ஏதோ ஒரு சின்ன ஒலி திரும்புகிறது. இந்த ஐந்தையும் எழுத வேண்டியதில்லை, இரண்டு போதும். நான் தேர்ந்தெடுப்பதானால் வாயசைவையும் திரும்பி வரும் சின்ன ஒலியையும் எடுப்பேன்.

கல்லணையில் மதகு திறக்கும் காட்சிக்கு ‘இடிமுழக்கத்துடன் தண்ணீர் பாய்ந்தது’ என்று எழுதினேன். தலையசைத்து மறுத்துவிட்டீர்கள். ஏன்?

இடி வந்து போவது. மதகுத் தண்ணீர் நின்றுகொண்டே இருப்பது. அதற்கு நம்மிடம் இருக்கும் சொல் ‘இரைச்சல்’. தாழ்ந்ததும் உயர்ந்ததுமாக எல்லா ஒலியும் அதில் கலந்திருப்பதால் எந்தக் குரலையும் அது விழுங்கும். ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் காதோடு வாய் வைத்துப் பேசுவதும், கையால் ஜாடை காட்டுவதும் அதனால்தான்.

இன்னொன்று உண்டு. நிற்காத சத்தத்துக்குக் காது சீக்கிரம் பழகிவிடும். பத்து நிமிடம் அங்கே நின்றவருக்கு இரைச்சல் கேட்பதே இல்லை. அங்கிருந்து கிளம்பி, வெண்ணாற்றுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தான் இன்னமும் கத்திக்கொண்டிருப்பது அவருக்கே தெரியும். ஜூன் மாதத்தில் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும் நாளை எழுதுகிறவர்கள் இந்தக் கத்தலை எடுத்துக்கொள்ளலாம்.

நாகஸ்வரத்தைக் ‘காதைத் துளைத்தது’ என்று எழுதியதற்கு, வாசிக்கிற குடும்பத்து நண்பர் கோபித்துக்கொண்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

எந்த நாகஸ்வரம் என்று சொல்லவில்லை, அதுதான் தப்பு. திமிரி நாயனம் குட்டையானது, அதன் சுருதி உயர்ந்தது. பாரி நாயனம் நீளமானது, தாழ்ந்த சுருதியில் பேசும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பரவலாக்கியது பாரியைத்தான். இன்றைய கச்சேரிகளில் கேட்பதும் அதுதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்களே, அந்த நீண்ட குழலிலிருந்து வரும் ஒலிக்கு அகலமும் ஈரமும் உண்டு. அது பரவும், நிறையும், தெருவை நனைக்கும், ஆனால் துளைக்காது. திமிரியை வேண்டுமானால் துளைத்தது என்று சொல்லலாம். அதையும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுங்கள், நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று அமைந்த கருவி அது.

துளைக்கும் ஒலி ஏன் துளைக்கிறது என்பது தெரிந்தால் சொல்லைத் தவறாகப் போடமாட்டோம். நம் காதுத் துவாரமே ஒரு சின்னக் குழல், நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். நொடிக்கு 3000 அதிர்வு அளவிலான ஒலியை அந்தக் குழல் தானாகவே பெரிதாக்கிக் கொடுக்கிறது. குழந்தையின் வீறிடல், பிரேக் பிடிக்கும் லாரியின் கிறீச்சு, விசில் எல்லாம் இந்த வட்டாரத்திலோ அதை ஒட்டியோதான் வருகின்றன. அதனால் துளைக்கும் சத்தம் பெரிய சத்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சிலேட்டில் நகம் கீறினால் தெருவுக்குக் கேட்காது, ஆனால் பல் கூசும்.

நம் பக்கத்தில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் குலவை. நடவு வயலில் நாக்கைச் சுழற்றிப் பெண்கள் இடும் அந்த ஒலி, பம்புசெட் ‘டுபுடுபு’ என்று ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதற்கு மேலாக வரப்பு தாண்டிக் கேட்கும். பம்புசெட்டுக்குத்தான் சத்தம் அதிகம், குலவை அதைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ‘கிழித்தது’ என்ற வினை அங்கே உவமையாகவே தோன்றாது.

கடகட, தடதட, மடமட, சடசட: எதை எங்கே போடுவது என்று குழம்புகிறது.

உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் தீரும். அவர் சொல்லக்கூடியது இது: சக்கரமும் இடியும் கடகட, மாடிப்படியில் ஓடுவதும் கதவு தட்டுவதும் தடதட, கிளை முறிவது மடமட, தகரக் கூரையில் மழை விழத் தொடங்குவது சடசட, அது வலுத்துவிட்டால் ‘சோ’. கூட்டம் அழுதால் ‘ஓ’.

ஒற்றைச் சொல்லில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள், அதில் ஒரு ரகசியம் இருக்கிறது. ‘தொப்’, ‘சட்’ என்று வல்லின மெய்யில் முடிந்தால் ஒலி அங்கேயே அறுந்துவிட்டது. ‘டமார்’, ‘படார்’ என்று ‘ர்’ வந்தால் உடைந்து சிதறியது. ‘தொம்’, ‘கும்’, ‘டங்’ என்று மூக்கொலியில் முடிந்தால் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது. கோயில் மணி ‘டக்’ என்று ஒலித்தால் மணியில் விரிசல் என்று அர்த்தம்.

ஒரே காட்சியில் மூன்று வகையும் வந்தால்? திருவாரூர்த் தேரை எழுத முயல்கிறேன், வெறும் கூச்சலாகிவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய பத்தி இது:

‘ஆழித்தேர் இடி போன்ற சத்தத்துடன் நகர்ந்தது. மக்களின் காதைச் செவிடாக்கும் கோஷம் விண்ணைப் பிளந்தது. காதைத் துளைக்கும் வாத்தியங்கள் முழங்கின.’

எல்லாமே உச்சத்தில் இருப்பதால் எதுவும் உச்சமாக இல்லை. வாத்தியங்கள் துளைக்கவும் செய்கின்றன, முழங்கவும் செய்கின்றன, இரண்டும் ஒன்றாக நடக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. வடத்தின் முனையில் நிற்பவருக்குத் தேரின் சத்தமே வராது, ஆட்களின் மூச்சுதான் வரும். சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வேறு எதுவும் வராது.

ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டது அந்தத் தேர். அவ்வளவு பெரியது கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் உண்டு. வடம் விறைக்கும், தேர் அசையாது. அந்த நிமிடத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அங்கிருந்து தொடங்கலாம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்வையாளராக வைத்து நான் எழுதிப் பார்த்தது:

‘வடம் விறைத்தது. மேலே எங்கோ ஒரு மரம் முனகியது. “ஆரூரா” என்று முன்னால் யாரோ தொடங்க, “தியாகேசா” என்று வீதி முடித்தது. மறுபடி. மூன்றாவது முறை அவர் அந்தக் குரலைக் கேட்கவில்லை. காலடியில் தார்ச்சாலை நடுங்கி, அந்த நடுக்கம் முழங்கால் வழியே பல்வரை ஏறியது. சக்கரம் ஒரு சாண் உருண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பையன் ஏதோ கேட்டான். அவர் அவன் வாயைப் பார்த்தார், தலையாட்டினார், கட்டையைத் தூக்கினார். சக்கரத்தின் அரைப்புக்கு மேலாக, எங்கிருந்தோ ஒரு விசில் மட்டும் தனியாக வந்தது. நிறுத்தச் சொல்கிறார்கள்.’

இதில் ‘சத்தம்’ என்ற சொல்லே இல்லை. முனகல் சின்னது, கோஷம் வளர்வது, நடுக்கம் உடம்பால் கேட்பது, வாயசைவு மூடப்பட்டது, விசில் துளைத்தது. மூன்று வகையும் இருக்கின்றன, ஆனால் உச்சம் ஒன்றுதான்: சக்கரம் உருளும் அந்த ஒரு சாண். விசில் அலங்காரத்துக்கு வரவில்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பத்தியில் எனக்கு இன்னும் நெருடுவது ‘பல்வரை’. முழங்காலோடு நிறுத்தியிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

‘டெஃபனிங் சைலன்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம். ‘காதைச் செவிடாக்கும் மௌனம்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று, ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வருவார். ‘மயான அமைதி’ நம்முடையதுதான், ஆனால் பத்திரிகைகள் அதைக் கசக்கிவிட்டன. அதுவரை கேட்காதிருந்த ஒன்றைக் கேட்கவையுங்கள். மேளம் நின்றதும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் ‘உஸ்’ கேட்டது என்றால் அமைதி வந்துவிட்டது.

பழைய இலக்கியச் சொற்களைப் பயன்படுத்தலாமா?

கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கையும் அரவப் பொருளில் வருபவை என்று தொல்காப்பியம் சொல்கிறது. இன்று ‘கலி’ என்றால் கலியுகம் நினைவுக்கு வரும், ‘சும்மை’யை அச்சுப்பிழை என்பார்கள். ‘அரவம்’ நிலைமையைப் பாருங்கள்: ஒரு காலத்தில் பேரொலிக்கும் அந்தச் சொல்தான், இப்போது ‘ஆளரவம் இல்லை’ என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ‘முழக்கம்’, ‘ஆரவாரம்’ இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவை போதும்.

மைக் செட் சத்தத்தை எப்படி எழுதுவது? எல்லா ஊர்க் கதையிலும் அது வந்துவிடுகிறது.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்போதைய பெட்டி ஸ்பீக்கர் என்றால் அடித்தாளம்தான் முன்னால் வரும். ஜன்னல் கண்ணாடி படபடக்கும், நெஞ்சுக்கூட்டில் யாரோ தட்டுவார்கள். அது முதல் வகை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியும் உண்டு, எனவே நள்ளிரவுக் காட்சியில் ஒலிக்கவிட்டால் யாராவது வந்து நிறுத்தச் சொல்வதையும் எழுத வேண்டியிருக்கும்.

பழைய கூம்புக் குழாய் என்றால் கதையே வேறு. அந்தக் குழாய்க்குத் தாழ்ந்த ஒலியைத் தள்ளும் சக்தி கிடையாது. நடுவிலும் மேலிலும் உள்ள ஒலியை மட்டும் குவித்துப் பீய்ச்சும். கல்யாண வீட்டு வாசலில் நின்றால் தகரம் கீறுவது மாதிரி துளைக்கும். ஆனால் மார்கழி விடியலில் அறுவடைக்கு நிற்கும் வயலுக்கு அந்தப் பக்கம், இரண்டு ஊர் தள்ளிக் கட்டியிருக்கும் குழாய் என்றால், காற்று திரும்பும்போது பாட்டு வரும், திரும்பாதபோது அறுந்துபோகும். வந்தாலும் சொல் மட்டும் வரும், தாளம் வராது.